சுருக்கலாம், மாத்தக் கூடாது: டிஸ்சார்ஜ் சம்மரியைத் தமிழில் எழுதித் தருவது பற்றி

ஊருக்குள்ள நாலு எழுத்து இங்கிலீஷ் படிச்சவனுக்குக் கூலியில்லாத வேலை சிலது உண்டு. பேங்க் நோட்டீஸ் படிச்சுச் சொல்றது, பயிர்க் காப்பீட்டு ஃபாரம் நிரப்பறது, மருந்து டப்பாவுல இருக்கற அளவைப் பார்த்துச் சொல்றது. இப்ப சில வருசமா அதுல ஒண்ணு கூடிருக்கு. ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பறப்ப ஒரு கட்டு பேப்பர் குடுக்கறாங்களே, டிஸ்சார்ஜ் சம்மரி, அதைக் கொண்டு வந்து "இதுல என்ன போட்டிருக்குதுன்னு சுருக்கமா எழுதிக் குடுங்க"ன்னு கேக்கறாங்க.

இந்த வேலையைப் பத்தி எனக்கு ஒரு கறாரான அபிப்பிராயம் உண்டு. சுருக்கறவனுக்கு எதை வேணும்னாலும் விடறதுக்கு உரிமை இருக்கு, ரெண்டைத் தவிர. ஒண்ணு நோயோட பேரு. இன்னொண்ணு மருந்தோட அளவு. அந்த ரெண்டும் பட்டாவுல இருக்கற சர்வே நம்பர் மாதிரி. பத்திரத்தை நாம நம்ம பாஷையில எவ்வளவு வேணும்னாலும் விளக்கிச் சொல்லலாம், ஆனா உட்பிரிவுல ஒரு எழுத்து மாறிப்போனா அது அடுத்தவன் காடு.

கேக்கறப்ப இது ரொம்பச் சாதாரணமாத் தெரியும். உக்காந்து எழுதிப் பார்த்தாத்தான் எத்தனை இடத்துல கை தானா மாத்தப் போகுதுன்னு தெரியும். மாத்தறவங்க யாரும் கெட்ட எண்ணத்துல மாத்தறதில்லீங்க. புரியட்டும்னு, பயப்படாம இருக்கட்டும்னு, வசதியா இருக்கட்டும்னுதான் மாத்தறாங்க. அதனாலதான் இதை விரிவா எழுதறேன்.

எங்க மாமா ஒருத்தர். எழுபத்தியொரு வயசு, இன்னமும் மஞ்சக் காட்டுக்குத் தண்ணி கட்டப் போறவர். போன ஐப்பசியில மூச்சு வாங்கி, காலெல்லாம் வீங்கி, ஆறு நாள் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்தார். வந்தப்ப கையில நாலு பக்கம் ரிப்போர்ட், எட்டு மாத்திரை. அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். மச்சான் திருப்பூர்ல வேலை, வாரம் ஒருக்கா வர்றவன். மாத்திரை எடுத்துக் குடுக்கப் போறது அத்தையும் மருமகளும். அவங்ககிட்டக் கேட்டு, பேரு போட மாட்டேன்னு சொல்லித்தான் இங்க எழுதறேன்.

முதல் காரியம், இந்தச் சுருக்கம் யாருக்குன்னு முடிவு பண்றது. அத்தைக்கு. அதாவது காலையில விளக்கு வெளிச்சத்துல கண்ணாடி போட்டுட்டு அட்டையைக் கையில வெச்சுப் பார்க்கறவங்களுக்கு. அப்படின்னா நாலு பக்கத்துல மூணு பக்கம் தானா விலகிடும். ரத்தப் பரிசோதனை அட்டவணை, எக்ஸ்ரே விவரம், எக்கோவுல ஒவ்வொரு வால்வைப் பத்தியும் எழுதினது, இதெல்லாம் அடுத்த டாக்டருக்கு வேணும், அத்தைக்கு வேண்டாம். அசல் பேப்பர் கூடவே இருக்கப் போகுது, அதனால விடறதுல பாதகம் இல்ல.

விடறப்ப ஒரு இடத்துல மட்டும் நிதானம் வேணும். இந்த ரிப்போர்ட்டுல மருந்துப் பட்டியல் ஒண்ணு இல்ல, ரெண்டு இருக்கும். ஆஸ்பத்திரியில இருந்தப்ப என்ன குடுத்தாங்கங்கறது ஒண்ணு. வீட்டுக்குப் போன பிறகு என்ன சாப்பிடணுங்கறது இன்னொண்ணு. மாமா ரிப்போர்ட்டுல முதல் பட்டியல்ல ஃபுரோசமைட் ஊசி 40 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூணு தடவைன்னு இருந்துச்சு. ரெண்டாவது பட்டியல்ல அதே ஃபுரோசமைட் மாத்திரை 40 மில்லிகிராம், 1-1-0. உடம்புல தேங்கின நீரை மூத்திரமா வெளியேத்தற மருந்து அது. அவசரமாப் படிக்கறவன் முதல்ல கண்ணுல படற பட்டியலைப் பார்த்து "மூணு வேளை"ன்னு எழுதிடுவான். அதனால பேனா எடுக்கறதுக்கு முந்தி "டிஸ்சார்ஜ் அட்வைஸ்"ங்கற தலைப்பைத் தேடிப் பிடிச்சு அதைச் சுத்தி ஒரு கட்டம் போட்டுக்குவேன். மருந்து எழுதறது அந்தக் கட்டத்துக்குள்ள இருந்து மட்டும்.

இப்ப நோயோட பேருக்கு வர்றேன். இங்கதான் சண்டையே வரும்.

மாமா ரிப்போர்ட்டுல முதல் வரி ஹார்ட் ஃபெயிலியர். அடுத்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அப்புறம் டைப் 2 சர்க்கரை. கடைசியா ஒரு கேள்விக்குறி போட்டு, "? சி.கே.டி." சி.கே.டி.ன்னா நாள்பட்ட சிறுநீரக நோய்.

மச்சான் என்னைத் தனியாக் கூப்பிட்டுப் போய், "ஃபெயிலியர்னு மட்டும் எழுதாதீங்க மச்சான், அம்மா பார்த்தா அழுதே ஓய்ஞ்சு போயிரும். மூச்சுத் திணறல்னு எழுதிருங்க" அப்படின்னான். அவன் சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல. ஃபெயிலியர்ங்கற வார்த்தையை நம்ம ஊர்ல பரீட்சையிலயும் போர்வெல்லுலயும்தான் கேட்டிருக்கோம். ஃபெயிலியர்னா அவ்வளவுதான், முடிஞ்சு போச்சுன்னுதான் காதுல விழும். தமிழ்ல இதயச் செயலிழப்புன்னு எழுதினா அதை விட மோசம், இதயம் நின்னுபோச்சுன்னு படிச்சுக்குவாங்க.

ஆனா மூச்சுத் திணறல்ங்கறது நோயோட பேரு கிடையாது. அது ஒரு அறிகுறி. ஆஸ்துமாவுலயும் மூச்சு வாங்கும், நிமோனியாவுலயும் வாங்கும், ரத்தம் கம்மியா இருந்தாலும் வாங்கும். நாளைக்கு நடுராத்திரி மாமாவுக்கு முடியாமப் போய், மச்சான் திருப்பூர்ல இருந்து வர்றதுக்குள்ள மருமகதான் ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுப் போறான்னு வெச்சுக்குங்க. அந்த அவசரத்துல அலமாரிக்குள்ள இருக்கற நாலு பக்கத்தை எடுக்க மாட்டா, சுவத்துல ஒட்டியிருக்கற என் தாளைத்தான் பிச்சு எடுத்துட்டுப் போவா. டூட்டி டாக்டர் கேக்கறப்ப "மூச்சுத் திணறல்"னு அதுல இருந்தா, இருதய நோயாளின்னு தெரியாம முதல் அரை மணி நேரம் போயிடும். அதையெல்லாம் சொல்லித்தான் மச்சானை ஒத்துக்க வெச்சேன்.

நான் பண்றது இதுதான். நோயோட பேரை டாக்டர் எழுதின அதே பேர்ல, தமிழ் எழுத்துல எழுதுவேன். மொழிபெயர்க்கறதில்ல. அதுக்குக் கீழே இன்னொரு வரியில, இது என் விளக்கம்னு தெரியற மாதிரி, நீல மையில எழுதுவேன். "ஹார்ட் ஃபெயிலியர்" கறுப்பு மை. கீழே நீலத்துல, "இதயம் நின்னுபோகல. உடம்புக்கு வேணுங்கற அளவு ரத்தத்தைத் தள்ளற பலம் அதுக்குக் குறைஞ்சிருக்கு, அதனால நீர் தேங்கிக் காலு வீங்குது, மூச்சு வாங்குது." கறுப்பு எது, நீலம் எதுன்னு தாளோட தலையிலயே எழுதிடுவேன். கறுப்பு ரிப்போர்ட்ல இருக்கறது. நீலம் எழுதிக் குடுத்தவன் சொல்றது.

அத்தை அழுதாங்களான்னு கேட்டா, அழுதாங்க. ஆனா மாமா என்ன சொன்னார் தெரியுங்களா? "எனக்கு அங்கயே தெரியும் மாப்ள. அந்த டாக்டரம்மா ஃபெயிலியர் ஃபெயிலியர்னு நர்ஸ்கிட்ட சொல்லிட்டுத்தான இருந்துச்சு. நின்னு போகலைன்னு நீ எழுதினதுதான் எனக்குப் புதுசு." மறைக்கணும்னு நினைக்கறப்ப, சம்பந்தப்பட்டவருக்கு ஏற்கெனவே பாதி தெரிஞ்சிருக்குங்கறதை நாம கணக்குல எடுக்கறதில்ல. அந்தப் பாதியை வெச்சுட்டு அவங்க என்ன கற்பனை பண்றாங்கங்கறது நமக்குத் தெரியாது.

எக்கோ விவரத்துல ஒரு நம்பரை மட்டும் நான் விடல. எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 35 சதவீதம். ஏன்னா டாக்டரம்மா வாயால இதைச் சொல்லியிருந்தாங்க, மச்சான் அதைக் கேட்டுட்டு வந்து "இதயம் முப்பத்தஞ்சு பர்சென்ட்தான் வேலை செய்யுதாம்"னு ஊரெல்லாம் சொல்லிட்டான். அது அப்படி இல்ல. இதயத்தோட கீழறையில நிரம்பற ரத்தத்துல ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை பங்கு வெளிய போகுதுங்கறதுதான் அந்தக் கணக்கு. நல்ல இதயமே நூறு சதவீதம் தள்ளாது. ஐம்பத்தஞ்சு அறுபது சதவீதம் தள்ளினாலே அது சாதாரணம்தான். அப்ப 35ங்கறது குறைவுதான், நல்லாவே குறைவு, ஆனா நூத்துக்கு முப்பத்தஞ்சு மார்க் இல்ல. நம்பரைக் கறுப்புல அப்படியே எழுதிட்டு, இந்த விளக்கத்தை நீலத்துல எழுதினேன்.

கேள்விக்குறி விஷயம் இன்னும் நுணுக்கம். டாக்டர் ஒரு நோய்க்கு முன்னாடி கேள்விக்குறி போட்டா, சந்தேகம் இருக்கு, இன்னும் உறுதியாகலன்னு அர்த்தம். அந்தக் குறியை விட்டுட்டு எழுதினா மாமாவுக்கு நாமளே சிறுநீரக நோயைக் குடுத்துடறோம். உறுதியாகாத விஷயம்தானேன்னு வரியையே விட்டுட்டா, ரெண்டு வாரத்துல கிரியாட்டினின் திரும்பப் பார்க்கணும்னு டாக்டர் எழுதினதுக்குக் காரணமே இல்லாமப் போயிடும். அதனால "சிறுநீரக நோயா என்று சந்தேகம், உறுதி இல்லை" அப்படின்னு சந்தேகத்தையும் சேர்த்தே எழுதணும். அடுத்த வாரம் தெருவுல ஒரு அம்மா "உங்க மாமாவுக்குக் கிட்னி போச்சாமா?"ன்னு கேட்டாங்க. அது என் தாள்ல இருந்து கிளம்பினது இல்லைன்னு மட்டும் நான் நிம்மதியாச் சொல்ல முடிஞ்சது.

இனி அளவு. இதுல பெரிய தத்துவம் ஒண்ணும் இல்ல, கண்ணும் கையும்தான். மருந்தோட பேரு, எத்தனை மில்லிகிராம், ஒரு வேளைக்கு எத்தனை மாத்திரை, எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, எத்தனை நாள். இந்த ஆறுல எதையும் விடக் கூடாது, நாமளா எதையும் சேர்க்கவும் கூடாது. 1-1-0ன்னா காலை ஒண்ணு, மதியம் ஒண்ணு, ராத்திரி இல்ல. அத்தை அதைப் பார்த்துட்டு, "மத்தியானம் எல்லாரும் காட்டுல இருப்போம், அந்த ஒண்ணை ராத்திரிக்கு மாத்தி எழுதிரு கண்ணு, ரெண்டு மாத்திரை ரெண்டு மாத்திரைதான?"ன்னாங்க. எண்ணிக்கை சரிதான். ஆனா மூத்திரம் போக வைக்கற மாத்திரையை ராத்திரி குடுத்தா மனுசன் விடிய விடிய எந்திரிச்சுப் போகணும். எழுபத்தியொரு வயசுல இருட்டுல தடுக்கி விழுந்தா அது வேற ஆஸ்பத்திரி. வேளையும் அளவுல சேர்ந்ததுதான். மருமக அந்த மாத்திரையை ஒரு சின்ன டப்பாவுல போட்டுத் தூக்குப்போசியோட காட்டுக்குக் கொண்டு போறதுன்னு முடிவாச்சு. தாளை மாத்தல, வழக்கத்தை மாத்தினாங்க.

"எஸ்.ஓ.எஸ்."ன்னு போட்டு ஒரு பாராசிட்டமால் இருந்துச்சு. தேவைப்பட்டா மட்டும்னு அர்த்தம். அதைக் காலை மதியம் ராத்திரின்னு கட்டம் போட்ட பட்டியலுக்குள்ள எழுதினா தினமும் குடுத்துடுவாங்க. அதனால கட்டத்துக்கு வெளிய, தனியா எழுதினேன்.

அப்புறம் டிஜாக்சின். இந்த ஒரு வரிக்காகவே இந்தப் பதிவை எழுதலாம். "டிஜாக்சின் 0.25 மி.கி., ½-0-0, 5/7" அப்படின்னு இருந்துச்சு. பூஜ்யமும் புள்ளியும் போயிடுச்சுன்னா 0.25 இருபத்தஞ்சு ஆகிடும், அதனால அந்த நம்பரை எழுதிட்டு, பக்கத்துல "புள்ளி இருபத்தஞ்சு"ன்னு எழுத்துலயும் எழுதினேன். ½ன்னா அரை மாத்திரை, அதையும் எழுத்துல. ஆனா அந்த 5/7?

சுருக்கெழுத்துல கீழே 7 போட்டா நாள் கணக்கு. 5/7ன்னா அஞ்சு நாளைக்கு. 2/52ன்னா ரெண்டு வாரம், 3/12ன்னா மூணு மாசம். இது பழைய வழக்கம். ஆனா டிஜாக்சினுக்கு நம்ம டாக்டருங்க பலர் வாரத்துல அஞ்சு நாள் குடுத்து ரெண்டு நாள் விடச் சொல்றதும் உண்டு, அதையும் 5/7ன்னுதான் எழுதறாங்க. ஒரே எழுத்து, ரெண்டு அர்த்தம். அஞ்சு நாளோட நிறுத்தறதா, இல்ல மாசக் கணக்குல வாரம் அஞ்சு நாளா? இதயத் துடிப்போட வேகத்தைக் குறைக்கற மருந்து இது. கொஞ்சம் கூடினாலே வாந்தி வரும், பசி போயிடும், நாடி ரொம்ப மெதுவாகிடும். சிறுநீரகம் சந்தேகத்துல இருக்கறவங்களுக்கு உடம்புல தங்கறதும் அதிகம். இதுல "வாரத்துக்கு அஞ்சு நாளாத்தான் இருக்கும்"னு நானா எழுதறதுக்கு நான் யாரு?

இங்கதான் என் அபிப்பிராயத்தோட மையம் இருக்கு. புரியாத இடத்துல நியாயமா ஊகிக்கறதும் மாத்தறதுதான். ஊகம் சரியா அமைஞ்சாலும் அது டாக்டர் எழுதினது ஆகாது. அந்த வரியில "ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டும்"னு சிவப்புல எழுதி வெச்சுட்டு, மச்சானை அன்னைக்கே ஃபோன் பண்ணச் சொன்னேன்.

ஃபோன் பண்றதுக்கு முந்தி இன்னொண்ணும் சிக்குச்சு. அத்தை வீட்டுல பழைய மாத்திரை எல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பாவுல இருக்கும். அதைக் கொட்டச் சொன்னேன். இதை எல்லாரும் செய்யணும்னு நான் சொல்வேன், ஏன்னா புதுத் தாள் எவ்வளவு சரியா இருந்தாலும் பழைய டப்பா அப்படியே இருந்தா நோயாளி ரெண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுவார். மாமா டப்பாவுல இருந்தது மூணு. அம்லோடிபின், பிரஷருக்கு. கிளைகோமெட் ஜிபி-1, சர்க்கரைக்கு. தைராக்சின் 50, பத்து வருசமாச் சாப்பிடற தைராய்டு மாத்திரை.

ரிப்போர்ட்டுல அம்லோடிபினை நிறுத்தச் சொல்லி எழுதியிருந்தாங்க. கிளிமிபிரைடையும் நிறுத்து, மெட்ஃபார்மின் 500 மட்டும் தொடரணும்னு இருந்துச்சு. டப்பாவுல கிளிமிபிரைடுன்னு எங்கயும் பெரிசா இல்லையேன்னு மருமக கேட்டா. அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படிச்சாத் தெரியும், கிளைகோமெட் ஜிபி-1ங்கறது மெட்ஃபார்மின் 500, கிளிமிபிரைடு 1 ரெண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. பேரு பாதி ஒத்துப்போகுதுன்னு அதையே தொடர்ந்து குடுத்தா, நிறுத்தச் சொன்ன மருந்தும் உள்ள போகும், சர்க்கரை திடீர்னு இறங்கும். அதனால "நிறுத்த வேண்டியவை"ன்னு தாள்ல தனித் தலைப்புப் போட்டேன். எத்தனையோ பேரு சுருக்கம் எழுதறப்ப சாப்பிட வேண்டியதை மட்டும் எழுதிட்டு நிறுத்தினதை விட்டுடறாங்க. என்னைக் கேட்டா அதைத்தான் முதல்ல எழுதணும்.

அம்லோடிபினும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கே வந்துட்டிருந்துச்சுங்கறது இன்னொரு சிக்கல். 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு தேடி வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை குடுக்கறாங்க. நல்ல திட்டம்தான், எங்க ஊர்ல நடமாட முடியாத எத்தனையோ பேருக்கு உதவியா இருக்கு. ஆனா மாமா ஆஸ்பத்திரிக்குப் போனது அந்தப் பொண்ணுக்கு எப்படித் தெரியும்? அவங்க கையில இருக்கற அட்டைப்படி குடுத்துட்டுப் போயிடுவாங்க. அதனால என் தாள்ல ஒரு காப்பி எடுத்து, அசல் ரிப்போர்ட்டோட சேர்த்து அந்தப் பொண்ணுகிட்டக் காமிக்கணும்னு மருமகளுக்குச் சொல்லி வெச்சேன். அடுத்த வாரமே வந்தாங்க, பார்த்துட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லி அட்டையைத் திருத்திக் குடுத்தாங்க.

மிச்சம் இருந்தது தைராக்சின். அதைப் பத்தி ரிப்போர்ட்டுல ஒரு வார்த்தை இல்ல. தொடரணும்னும் இல்ல, நிறுத்தணும்னும் இல்ல. மச்சான் சொன்னான், "எழுதலைன்னா வேண்டாம்னுதான் அர்த்தம்." அத்தை சொன்னாங்க, "பத்து வருசமாச் சாப்பிடறது, அதைப் போயி யாராச்சும் நிறுத்துவாங்களா?" ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசினாங்க, ஆனா ரெண்டுமே ரிப்போர்ட்டுல இல்லாததை ரிப்போர்ட் வாயில திணிக்கறது. சொல்லாம விட்டது ஒரு உத்தரவு கிடையாது. அதையும் சிவப்புல எழுதினேன்.

ஃபோன்ல மச்சான் ரெண்டு கேள்வி கேட்டான். ஐ.பி. நம்பரைச் சொல்லி, அந்த வார்டு டாக்டரையே கூப்பிடச் சொன்னேன், ரிசப்ஷன்ல பதில் வாங்காதேன்னேன். மூணாவது தடவைதான் லைன் கிடைச்சது. டிஜாக்சின் திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் அரை மாத்திரை, சனி ஞாயிறு வேண்டாம், அடுத்த பரிசோதனை வரைக்கும் தொடரணும்னாங்க. தைராக்சின் எழுத விட்டுப்போச்சு, 50 மைக்ரோகிராம் பழையபடி வெறும் வயித்துலன்னாங்க. வாயால சொன்னது போதாது, எழுதி அனுப்பச் சொல்லுன்னேன். திருத்தின பக்கம் ஒண்ணை வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. அதைப் பார்த்துத்தான் சிவப்பை அடிச்சுட்டுக் கறுப்புல எழுதினேன். எழுதறப்ப மைக்ரோகிராம்ங்கறதை முழுசா எழுதணும். பழக்கத்துல மி.கி.ன்னு போட்டா அது ஆயிரம் மடங்கு.

மருந்து மட்டும் அளவு இல்ல. "மொத்த திரவம் ஒரு நாளைக்கு 1.5 லிட்டர்"னு ரிப்போர்ட்டுல இருந்துச்சு. இதைப் போயி "தண்ணி கம்மியாக் குடிக்கணும்"னு சுருக்கினா அது சுருக்கம் இல்ல, வேற உத்தரவு. வெய்யில்ல நிக்கறவருக்குக் கம்மின்னா மூணு லிட்டர். பயந்தவருக்குக் கம்மின்னா அரை லிட்டர். நம்பரை அப்படியே கறுப்புல எழுதினேன். நீலத்துல, மொத்த திரவம்னா காப்பி, மோர், கஞ்சி, ரசம் எல்லாம் சேர்த்துன்னு எழுதினேன். அத்தை வீட்டுச் சொம்பை லிட்டர் பாட்டில்ல அளந்து பார்த்தோம், ரெண்டு சொம்புக்குக் கொஞ்சம் குறைவா வந்துச்சு. காலையிலயே ஒண்ணரை லிட்டரை அளந்து ஒரு குடத்துல ஊத்தி வெச்சுருவாங்க. காப்பி குடுத்தா அந்த அளவுக்குக் குடத்துல இருந்து எடுத்துக் கொட்டிடுவாங்க. இது அத்தை கண்டுபிடிச்ச முறை, நான் சொல்லல.

அதே மாதிரி "மூணு நாள்ல ரெண்டு கிலோவுக்கு மேல எடை ஏறினா உடனே வரணும்." எடை கூடினா வரணும்னு மட்டும் எழுதினா எந்த எடை, எத்தனை நாள்ல? ரெண்டு நம்பரும் வேணும். தினமும் காலையில மூத்திரம் போயிட்டு, சாப்பிடறதுக்கு முன்னாடி, ஒரே எடை மெஷின்ல பார்க்கணும். மச்சான் திருப்பூர்ல இருந்து ஒண்ணு வாங்கிட்டு வந்தான். காலண்டர் தேதிக்குப் பக்கத்துலயே மாமா எழுதி வெச்சுக்கறார், மஞ்ச விலை எழுதற அதே பேனாவுல.

"என்.எஸ்.ஏ.ஐ.டி. தவிர்க்கவும்"னு ஒரு வரி. இதை அப்படியே தமிழ் எழுத்துல எழுதினா அத்தைக்கு ஒண்ணும் புரியாது, மருந்துக்கடைப் பையனுக்கும் சந்தேகம்தான். இங்க மட்டும் விளக்கம் இல்லாம முடியாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை, வலி ஊசி வேண்டாம்னு நீலத்துல எழுதினேன். அதுக்காக "வலி மாத்திரை எதுவுமே கூடாது"ன்னு அகலமா எழுதிடவும் கூடாது. பாராசிட்டமாலை அவங்களே தேவைப்பட்டாக் குடுக்கச் சொல்லியிருக்காங்களே. மூட்டு வலிக்கு ஊசி போட்டுக்கற பழக்கம் மாமாவுக்கு உண்டு, அதனால இந்த வரி அவருக்கு முக்கியம்.

எழுதி முடிச்சதும் மருமகளை அசல் ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கச் சொன்னேன். அவ பத்தாவது வரைக்கும் படிச்சவ, இங்கிலீஷ் வாக்கியம் வராட்டியும் எழுத்தும் நம்பரும் தெரியும். நான் என் தாளைச் சத்தமாப் படிக்க, அவ நம்பரை மட்டும் ஒத்துப் பார்த்தா. எழுதினவனே சரி பார்த்தா கண்ணு ஏமாத்தும், தான் எழுத நினைச்சதையே திரும்பப் படிக்கும். அப்புறம் அத்தையைக் கேட்டேன், "நாளைக்குச் சனிக்கிழமை, காலையில என்னென்ன குடுப்பீங்க அத்தை?" அவங்க வரிசையாச் சொல்லிட்டு வந்து, "அந்த அரை மாத்திரை நாளைக்கு இல்ல, திங்கக்கிழமைதான்"னாங்க. புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் புரிஞ்சுதும்பாங்க. இப்படிக் கேட்டாத்தான் தெரியும்.

இவ்வளவு வேலையை எதுக்கு ஊர்க்காரன் செய்யணும்? ஆஸ்பத்திரியிலயே மருந்துப் பக்கத்தையாவது தமிழ்ல அடிச்சுக் குடுக்கலாமே? குடுக்கணும். பில்லுல ஒவ்வொரு பஞ்சுக்கும் கணக்கு எழுதத் தெரியறவங்களுக்கு எட்டு மாத்திரையைத் தமிழ்ல எழுதறது பெரிய வேலை இல்ல. கையெழுத்துப் போடற டாக்டரே சரி பார்த்துக் குடுத்தா என் மாதிரி ஆளு நடுவுல வர வேண்டியதே இல்ல. டிஸ்சார்ஜ் ஆகறப்ப பில்லுக்கு நிக்கற நேரத்துல இதைக் கேளுங்க, தர மாட்டேன்னா நர்ஸை உக்கார வெச்சு ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்லி அங்கயே தமிழ்ல எழுதிக்குங்க. அங்க கேக்கறது சுலபம், வீட்டுக்கு வந்து ஃபோன்ல பிடிக்கறதுதான் கஷ்டம்.

தாளோட மேல தேதியும், "அடுத்த பரிசோதனை வரைக்கும் மட்டும்"னும் எழுதினேன். ரெண்டு வாரம் கழிச்சுப் போனப்ப ஃபுரோசமைடைக் காலையில ஒண்ணு மட்டும் போதும்னு குறைச்சுட்டாங்க, கிரியாட்டினினை இன்னொரு தடவை பார்க்கணும்னாங்க, கேள்விக்குறி அப்படியே இருக்கு. புதுத் தாள் எழுதிக் குடுத்தேன். பழைய தாளை அடிச்சுத் திருத்தி வெச்சுக்கலாமேன்னு மச்சான் கேட்டான். அதுக்குள்ள அத்தை அதை அடுப்புல போட்டுட்டாங்க.